பிளவுபடா மாற்றம்: இணையப் பக்கங்களை நேரம் குறித்து வெளியிடும் முறை

முன்னுரை

ஒரு நூல் அச்சேறுவதற்கும் ஓர் இணையதளம் வெளிவருவதற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அச்சகத்தில் படிவங்கள் அடுக்கப்பட்டு, தைக்கப்பட்டு, அட்டை போடப்பட்ட பின்னரே நூல் வாசகரின் கைக்கு வருகிறது. பாதி தைத்த நூலை எவரும் கண்டதில்லை. இணையதளமோ எந்நேரமும் திறந்தே இருக்கிறது. நாம் அதன் பக்கங்களை மாற்றிக்கொண்டிருக்கும் அதே நொடியில் வாசகர் உள்ளே நுழைகிறார். பழைய பக்கம் சிலவும் புதிய பக்கம் சிலவும் கலந்த ஒரு நிலையை அவர் காண நேரிடலாம். இக்கலப்பு நேராவண்ணம், குறித்த நேரத்தில், மனிதர் கைபடாமல் ஒரு தளத்தைப் புதுப்பிப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நிலைப்பக்கத் தளம் என்பது யாது?

இணையதளங்களை இருவகையாகப் பகுக்கலாம். வாசகர் கேட்கும்போது தரவுத்தளத்தில் தேடிப் பக்கத்தை அப்போதே தொகுத்துத் தருவது ஒருவகை. முன்னரே எழுதி முடிக்கப்பட்ட கோப்புகளை அப்படியே எடுத்துத் தருவது மற்றொரு வகை. பின்னதையே நிலைப்பக்கத் தளம் என்கிறோம். தமிழ் அறிந்தோர்க்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற அத்திட்டத்தில் சங்க நூல்கள் முதல் அண்மைக்கால இலக்கியம் வரை கோப்புகளாகவே வைக்கப்பட்டுள்ளன. வாசகர் கேட்கிறார், கோப்பு செல்கிறது. இடையே வேறு கணக்கு எதுவும் நிகழ்வதில்லை. பழுதுறும் உறுப்புகள் குறைவாதலால், பொருள்வளம் குறைந்த ஒரு கல்லூரித் துறைக்கு ஏற்ற வகை இதுவேயாகும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை தனக்கெனச் சிறு தளம் ஒன்றை நடத்துகிறது. பழைய மலர்களின் கட்டுரைகள், பாடக்குறிப்புகள், பருவத்தேர்வு அட்டவணை, எந்த மாணவர் எந்த அறையில் அமர வேண்டும் என்னும் பட்டியல் ஆகியவை அதில் உள்ளன. மொத்தம் முந்நூறு கோப்புகள் எனக் கொள்வோம்.

கலப்பினால் விளையும் தீங்கு

தேர்வுக்கு முதல்நாள் அறைகள் மாற்றப்படுகின்றன. அட்டவணைப் பக்கமும் நான்கு அறைப்பட்டியல்களும் திருத்தப்பட வேண்டும். பொறுப்பாசிரியர் திருத்திய கோப்புகளை ஒவ்வொன்றாக வழங்கிக் கணினிக்கு அனுப்புகிறார். மூன்றாவது கோப்பு செல்லும்போது இணைப்பு அறுந்துவிடுகிறது. மறுநாள் காலை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர் கைப்பேசியில் பார்க்கிறார். அட்டவணை புதியது, அவருடைய அறைப்பட்டியல் பழையது. இரண்டும் அழகாகவே தோன்றுகின்றன. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அவர் வேறோர் அறை வாயிலில் போய் நிற்பார்.

தளம் முழுதும் செயலிழந்திருந்தால் அவர் துறைக்குத் தொலைபேசியில் பேசியிருப்பார். பாதி மாறிய தளம் ஐயத்தை எழுப்பாததால் அது முற்றாக நின்ற தளத்தினும் தீங்கானது.

கோப்புகளைக் கையால் அனுப்பாமல், வழங்கியின் பொது அடைவிலேயே `git pull` கட்டளையை இட்டுப் புதுப்பிப்போரும் பலர். அம்முறையிலும் இக்குறை நீங்குவதில்லை. கிட் மென்பொருளும் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகவே எழுதுகிறது. அன்றியும், `.git` என்னும் மறை அடைவு பொதுமக்கள் எட்டும் இடத்தில் அமைந்துவிடுவதால், வெளியிட விரும்பாத பழைய வரைவுகளும் பிறர் கைக்குச் செல்லும் வாய்ப்பு உண்டு.

களஞ்சியமும் கால அட்டவணையும்

முதற்படியாக, தளத்தின் கோப்புகள் அனைத்தும் ஒரு களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும். 2005 ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் மென்பொருள் இதற்குப் பயன்படுகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் திருத்தங்களைக் களஞ்சியத்தில் பதிகின்றனர். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த அடையாள எண் ஒன்று உண்டு. அவ்வெண்ணைச் சொன்னால் தளம் முழுவதும் அப்பதிவின்போது எவ்வாறிருந்தது என்பதை மீண்டும் பெறலாம்.

களஞ்சியத்திலிருந்து வழங்கிக்கு எவர் கொண்டுசெல்வது? வழங்கியே குறித்த நேரங்களில் வந்து எடுத்துக்கொள்வது நலம். அவ்வாறாயின் எழுதுவோர் எவருக்கும் வழங்கியின் கடவுச்சொல் தேவையில்லை; வழங்கிக்கும் களஞ்சியத்தைப் படிக்கும் உரிமை மட்டும் போதும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் பணியை யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் கிரான் என்னும் பழைய நிரல் செய்கிறது. அதன் அட்டவணையில் நாம் எழுதவேண்டியது ஒரே வரி:

```
*/15 * * * * /srv/malar/bin/publish
```

பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை `publish` என்னும் நம் நிரலைத் தொடங்குக என்பது இதன் பொருள். குறிப்பிட்ட மணிக்கு மட்டும் வெளியிட விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பல வழங்கிகளின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. ஆதலின் இங்குக் காலை 10.00 மணிக்கு வெளிவர வேண்டிய முடிவுகளுக்கு அட்டவணையில் 4.30 எனக் குறிக்க வேண்டும்.

ஒதுக்கமாக ஆயத்தம் செய்தல்

இம்முறையின் உயிர்நாடி அடைவுகளின் அமைப்பில் இருக்கிறது. `/srv/malar` என்னும் அடைவினுள் `repo` என்பது களஞ்சியத்தின் படி. `releases` என்பதனுள் ஒவ்வொரு வெளியீடும் தனி அடைவாக, நாளும் நேரமும் பெயராகக் கொண்டு அமையும். `current` என்பது அடைவு அன்று. அது ஒரு குறியிணைப்பு. குறியிணைப்பு என்பது, "நீ தேடுவது இன்ன இடத்தில் உள்ளது" என்று மட்டும் எழுதி வைத்த சிறு கைகாட்டி. வலைவழங்கி மென்பொருளுக்கு நாம் தரும் முகவரி `/srv/malar/current` என்பதே. கைகாட்டி எதைச் சுட்டுகிறதோ அதுவே உலகம் காணும் தளம்.

நிரலின் முதற்பகுதி வருமாறு:

```
#!/bin/sh
set -eu
D=/srv/malar
exec 9>"$D/lock"
flock -n 9 || exit 0
git -C "$D/repo" fetch -q origin
ID=$(git -C "$D/repo" rev-parse origin/main)
[ "$ID" = "$(cat "$D/current/VERSION")" ] && exit 0
```

`set -eu` என்பது, எந்தப் படி தவறினாலும் அங்கேயே நின்றுவிடுக என்னும் ஆணை. `flock` ஒரு பூட்டு. இணைப்பு மெதுவாகி முந்தைய வேலை பதினைந்து நிமிடத்தில் முடியாதபோது, அடுத்த வேலை பூட்டைக் கண்டு திரும்பிவிடும். இருவர் ஒரே சுவரில் எழுதும் நிலை வாராது. கடைசி வரி, களஞ்சியத்தின் அண்மைப் பதிவெண்ணும் இப்போது வெளியில் உள்ள தளத்தின் பதிவெண்ணும் ஒன்றாயின் வேலையை முடித்துக்கொள்கிறது.

மாற்றம் இருந்தால் புதிய அடைவு ஒன்று எழுகிறது:

```
N="$D/releases/$(date +%Y%m%d-%H%M%S)"
mkdir "$N"
git -C "$D/repo" archive -o "$D/new.tar" "$ID"
tar -xf "$D/new.tar" -C "$N"
echo "$ID" > "$N/VERSION"
```

`git archive` தரும் கட்டினை நேராக `tar` நிரலுக்குக் குழாய்வழி அனுப்புதல் வழக்கம். நாம் வேண்டுமென்றே அதனை இரு படிகளாகப் பிரித்துள்ளோம். குழாயில் முன்னது தவறினாலும் பின்னது பிழையின்றி முடிந்தால் போதும் என்று எளிய ஷெல் எண்ணிக்கொள்ளும். `set -e` அதனைப் பிடிக்காது.

இவ்வளவும் நிகழ ஒரு நொடியும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். நடுவில் மின்சாரமும் நிற்கலாம். எதுவாயினும் வாசகருக்குத் தெரியாது. கைகாட்டி இன்னும் பழைய அடைவையே சுட்டி நிற்கிறது.

சோதனை

ஆயத்தமான அடைவை வெளியிடுமுன் சோதிப்பதற்கு இதுவே இடம்:

```
test -s "$N/index.html"
find "$N" -name '*.html' \
  -exec iconv -f UTF-8 -t UTF-8 -o /dev/null {} +
```

முதல் வரி முகப்புப் பக்கம் வெறுமையாக இல்லாமையை உறுதி செய்கிறது. இரண்டாவது தமிழர்க்குச் சிறப்பாக வேண்டிய சோதனை. டிஸ்கி முதலிய பழைய குறியாக்கங்களில் தட்டச்சான கட்டுரைகள் இன்னும் பலரிடம் உள. அவற்றை மாற்றாமல் சேர்த்துவிட்டால் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யூ.டி.எஃப்-8 ஆக அமையாத கோப்பு ஒன்று இருப்பினும் `iconv` தவறி, நிரல் அங்கேயே நின்றுவிடும். இறுதியில் உள்ள `+` குறியை மாற்றி `\;` என எழுதினால் `find` அத்தவற்றைக் கண்டும் காணாததுபோல் வெற்றி என்றே சொல்லும். ஆதலின் அச்சிறு குறியும் இன்றியமையாதது.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். 'தொகுதி' என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். U+0BCA என்னும் ஒரே குறியாகவும் எழுதலாம். U+0BC6, U+0BBE என்னும் இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் வழங்கிக்கோ வெவ்வேறு கோப்புகள். இணைப்பில் ஒன்றும் கோப்பில் மற்றொன்றும் அமைந்தால், கோப்பு இருந்தும் 'இல்லை' என்னும் விடையே வரும். கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வைப்பது தொல்லை தவிர்க்கும் வழி.

ஒரே நொடியில் மாற்றுதல்

சோதனை முடிந்தது. இனிக் கைகாட்டியைத் திருப்ப வேண்டும்:

```
sync
ln -sfn "$N" "$D/next"
mv -T "$D/next" "$D/current"
```

முதலில் `next` என்னும் புதிய கைகாட்டி ஒன்றை ஒருபுறம் செய்து வைக்கிறோம். பின்னர் அதற்கு `current` என்னும் பெயரைச் சூட்டுகிறோம். `mv` இங்கே பயன்படுத்துவது இயங்குதளத்தின் பெயர்மாற்ற அழைப்பு. 1983 இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் இவ்வழைப்பு சேர்க்கப்பட்டது. அதன் வாக்குறுதி இது: `current` என்னும் பெயரைத் தேடுவோர் பழையதைக் காண்பர், அல்லது புதியதைக் காண்பர்; பெயரே இல்லாத இடைநிலை ஒன்றை எவரும் காணார். இதனையே பிளவுபடா மாற்றம் என்கிறோம்.

`ln -sfn` கட்டளையை நேரே `current` மீது ஏவினால் ஆகாதோ எனக் கேட்கலாம். பல கணினிகளில் அக்கட்டளை பழைய கைகாட்டியை அழித்துவிட்டுப் புதியதை நடுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட நொடித்துளியில் வருவோர்க்குத் தளமே இல்லை. `mv` கட்டளையில் `-T` என்பதை விட்டாலோ, `next` பெயர்மாற்றம் பெறாமல் `current` சுட்டும் பழைய அடைவினுள்ளே போய் அமர்ந்துவிடும். தளம் மாறாது, பிழைச்செய்தியும் வாராது.

பெயர்மாற்றத்தின் வாக்குறுதி ஒரே கோப்பு முறைமைக்குள் மட்டுமே செல்லும். `next` வேறொரு வட்டில் இருந்தால் `mv` அதனைப் படியெடுத்துப் பின் அழிக்கும். பிளவு மீண்டும் புகுந்துவிடும். `next`, `current` இரண்டும் ஒரே அடைவில் அருகருகே இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. `sync` எதற்கெனின், பெயர்மாற்றம் ஒருங்கே நிகழ்வது வேறு, கோப்புகள் வட்டில் உறுதியாகப் பதிவது வேறு. மின்தடை நேரும் கல்லூரி அறையில் வைத்த வழங்கியாயின், கோப்புகள் வட்டில் இறங்கிய பின்னரே கைகாட்டியைத் திருப்புவது நலம்.

எல்லைகள்

இம்முறை எங்கு முடிகிறது என்பதையும் சொல்லவேண்டும். பெயர்மாற்றம் ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியே காக்கிறது. ஒரு பக்கத்தைக் காண்பதற்கோ வாசகரின் உலாவி பல வேண்டுகோள்களை விடுக்கிறது. பக்கம் பழையதிலிருந்தும், சற்றுப் பின் கேட்ட வடிவக்கோப்பு புதியதிலிருந்தும் வரலாம். வடிவக்கோப்பின் பெயரில் பதிப்பெண்ணைச் சேர்த்து, பழைய பெயருடைய கோப்பையும் அடுத்த சில வெளியீடுகள்வரை விட்டுவைப்பது இதற்கு மருந்து. தேர்வு அறை போன்ற செய்திகளில் அட்டவணையையும் பட்டியலையும் ஒரே பக்கத்தில் அமைத்துவிடுவதே பாதுகாப்பு.

பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கிக்கொண்டிருப்பவர் பற்றிக் கவலை வேண்டா. ஒருமுறை திறக்கப்பட்ட கோப்பு, அதன் அடைவே அழிக்கப்பட்டாலும், மூடப்படும்வரை யூனிக்ஸில் வாழும். எனினும் கடைசி ஐந்து வெளியீடுகளையேனும் அழிக்காமல் வைத்திருப்பது முறை; திரும்பிச் செல்ல வழி அதுவே.

திரும்பிச் செல்லுதல்

புதிய வெளியீட்டில் பிழை கண்டால் கைகாட்டியைப் பழைய அடைவுக்குத் திருப்பினால் போதும்; ஒரு நொடி வேலை. ஆயின் இங்கே ஒரு கண்ணி உள்ளது. பதினைந்து நிமிடம் கழித்து நிரல் மீண்டும் எழுகிறது. வெளியிலுள்ள எண்ணும் களஞ்சியத்தின் எண்ணும் வேறுபடுவதைக் காண்கிறது. பிழையுடைய அதே பதிவைப் புதியது எனக் கருதி மீண்டும் வெளியிட்டுவிடுகிறது. பொறுப்பாசிரியர் 'சரிசெய்துவிட்டோம்' என்று வீட்டுக்குச் சென்றிருப்பார். ஆதலின் கைகாட்டியைத் திருப்பியவுடன் களஞ்சியத்திலும் `git revert` கொண்டு அப்பதிவை நீக்க வேண்டும். அதுவரை கிரான் வரியை நிறுத்தி வைக்க வேண்டும். தளத்தின் உண்மை நிலை களஞ்சியத்தில் உள்ளதேயன்றி வழங்கியில் உள்ளதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

ஓசையற்ற பழுது

இம்முறைக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. எது தவறினாலும் பழைய தளம் குறைவின்றி நிற்கிறது. அதனாலேயே தவறு நிகழ்ந்தது எவருக்கும் தெரிவதில்லை. வட்டு நிரம்பிப் புதிய அடைவு எழாமற் போகலாம். ஒரே ஒரு டிஸ்கிக் கோப்பினால் சோதனை தடைப்படலாம். கிரான் பிழைச்செய்தியை மின்மடலாக அனுப்ப முயலும். பல வழங்கிகளில் மடல் அனுப்பும் ஏற்பாடே இராது. மூன்று வாரம் பழைய பக்கங்கள் நின்றபின், 'நாம் பதிந்தது ஏன் வரவில்லை?' என மாணவர் ஒருவர் கேட்கும்போதே செய்தி வெளியாகும்.

இதற்காகவே `VERSION` என்னும் சிறு கோப்பைத் தளத்தினுள்ளேயே வைத்தோம். வேறொரு கணினியிலிருந்து நாளும் ஒருமுறை அதனைப் பெற்று, களஞ்சியத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் இரண்டும் வேறுபட்டால் வெளியீடு நின்றுவிட்டது என்று பொருள். ஒப்பிடும் கணினி வழங்கிக்கு வெளியே இருக்கவேண்டும். நோயுற்றவரே தம் நாடியைப் பார்த்துக்கொள்வது போதாது.

வழங்கிகள் பலவாயின்

ஒரு வழங்கிக்குச் சொன்னது பல வழங்கிகளுக்கு எவ்வாறு பொருந்தும்? டெபியன் இயங்குதளக் குழுவின் தளம் இதற்குச் சான்று. அக்குழுவின் பன்னாட்டு மாநாடு 2023 செப்டம்பரில் நம் அண்டை நகரான கொச்சியில் நடைபெற்றது. டெபியன் தளத்தின் மூலக்கோப்புகள் 2018 முதல் கிட் களஞ்சியத்தில் உள்ளன. குறித்த நேரங்களில் நாளொன்றுக்குப் பலமுறை அவை பக்கங்களாக்கப்பட்டு, பல வழங்கிகளுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு வழங்கியும் புதிய தொகுப்பை ஒருபுறம் இறக்கி வைத்துக்கொண்டு, 'ஆயத்தம்' என்று தலைமைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. அதன்பின் தலைமைக் கணினி ஆணையிட, வழங்கிகள் தத்தம் கைகாட்டியைத் திருப்புகின்றன. ஆயத்தம் நெடிது, மாற்றம் நொடியிற் சிறிது என்னும் அதே நெறியே அங்கும் இரு கட்டமாக விரிந்துள்ளது.

முடிவுரை

களஞ்சியத்தில் பதிதல், நேரம் குறித்து எடுத்தல், ஒதுக்கமாக அடுக்குதல், சோதித்தல், ஒரே பெயர்மாற்றத்தால் திருப்புதல், வெளியிலிருந்து சரிபார்த்தல் என்னும் ஆறு படிகளை இதுவரை கண்டோம். நாம் எழுதிய நிரல் இருபது வரிகளுக்கு மேற்படாது. அதனை நிறுவும் மாணவர்கள் முதற்கண் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். வேண்டுமென்றே பழைய குறியாக்கக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்தில் பதிந்து, தளம் மாறாமல் நிற்பதையும், வெளிக்கணினி அதனைக் கண்டு சொல்வதையும் காணவேண்டும். அவ்விரண்டும் நிகழ்ந்தபின் தேர்வு அட்டவணையை அத்தளத்தில் இடலாம்.